இடது ஓரத்துக் கறுப்பு

இசக்கிராஜுக்கு இப்போதெல்லாம் கறுப்பைக் கண்டாலே எரிச்சல். மும்பையில், செம்பூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டேஷனரிக் கடையின் பின்பாதிதான் அவன் ஆபீஸ். ஒரு மேசை, இரண்டு ஸ்கேனர், தலைக்கு மேல் காற்றைத் தவிர மற்றதெல்லாம் கொடுக்கிற ஒரு ஃபேன். வக்கீல்கள் அனுப்பும் காகிதங்களை ஸ்கேன் செய்து, பக்கங்களைச் சுத்தம் பண்ணி, ஒரே பிடிஎஃப்பாகக் கோத்துக் கொடுப்பது அவன் பிழைப்பு. கோப்பது கண் சிமிட்டும் நேரத்து வேலை. சுத்தம் பண்ணுவதுதான் மனுஷனைக் கொல்கிறது.

தாராவியிலிருந்து வருகிற காகிதம் எதுவும் ஒழுங்கான காகிதமாக வராது. ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து, அதற்கும் ஒரு ஜெராக்ஸ் எடுத்திருப்பார்கள். மிஷின் மூடியைத் திறந்து வைத்தே எடுத்திருப்பான் யாரோ ஒரு புண்ணியவான், நாலு பக்கமும் சாவு அறிவிப்பு மாதிரி கறுப்புக் கட்டம் விழுந்திருக்கும். வேகமான ஸ்கேனரின் உள்ளே பின்னணி கறுப்பு என்பதால், காகிதம் கொஞ்சம் கோணலாகப் போனாலும் ஓரத்தில் கறுப்பு ஆப்பு விழும். ஃபைலில் போட பஞ்ச் பண்ணின ஓட்டைகள் வழியாகவும் அந்தப் பின்னணிதான் தெரியும். இடது ஓரத்தில் இரண்டு கறுப்புப் பொட்டுகள், பக்கம் தவறாமல்.

முன்பெல்லாம் இதை யாரும் கண்டுகொண்டதில்லை. போன வாரத்திலிருந்து, மனுக்களை ஆன்லைனில் வாங்கும் அலுவலகத்தில் யாருக்கோ ஞானம் பிறந்துவிட்டது. 'கறுப்பு ஓரமும் ஓட்டைத் தடமும் உள்ளன, சரிசெய்து மீண்டும் ஏற்றவும்' என்று ஃபைல் ஃபைலாகத் திருப்பி அனுப்பினார்கள். மனுவில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தார்களோ இல்லையோ, ஓரத்தை மட்டும் நன்றாகப் பார்த்தார்கள்.

ஒவ்வொரு பொட்டாக மவுஸால் அழித்து அழித்து இசக்கிராஜின் மணிக்கட்டு வீங்கியது. கடைசியில் ஸ்கேனரின் சாஃப்ட்வேரிலேயே இருந்த இரண்டு கட்டங்களில் டிக் போட்டான். ஒன்று, கறுப்பு ஓரம் நீக்கு. இன்னொன்று, பஞ்ச் ஓட்டை நீக்கு. அதன்பிறகு பக்கங்கள் சலவைக்குப் போய் வந்த மாதிரி வந்தன. அலுவலகத்திலிருந்து ஒரு முனகல் இல்லை. இத்தனை வருஷம் இது தெரியாமல் போச்சே என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

இன்றைக்குச் சங்கரேஸ்வரியின் ஃபைல். தாராவியில் லெதர் பர்ஸ் தைக்கிற பெண். அவள் குடியிருக்கும் ரூம் அவள் அம்மா தங்கத்தாய் பேரில் இருந்தது. அந்தக் குடிசைப் பகுதியை இடித்துக் கட்டும்போது கிடைக்கிற மாற்று வீடு யாருக்கு என்று அண்ணன் தங்கைக்குள் தகராறு. அண்ணன் வேலுச்சாமி கல்யாணில் வீடு வாங்கிப் போய்ப் பல வருஷம் ஆகிறது, ஆனாலும் ரூமில் பங்கு வேண்டும் என்கிறான். அம்மா சாவதற்கு முன் ரூமை மகளுக்கே விடுவதாக நோட்டரி முன்னால் எழுதிக் கொடுத்திருந்தாள். அம்மா அப்படி எதிலும் கைநாட்டு வைக்கவே இல்லை என்று வேலுச்சாமி எழுதிக் கொடுத்துவிட்டான். மாற்று வீடு பெறுவோர் பட்டியலில் இருந்து சங்கரேஸ்வரியின் பேர் போய்விட்டது. இப்போது அப்பீல். இன்று மாலை ஐந்து மணிக்குள் ஏறவில்லை என்றால் அப்பீலும் கிடையாது, ரூமும் கிடையாது.

அவளுடைய வக்கீலம்மா தாணே கோர்ட்டில் இருந்ததால், அசல் காகிதங்களை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சங்கரேஸ்வரியே நேராகக் கொண்டு வந்திருந்தாள். இசக்கிராஜ் மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு மொத்தத்தையும் வேகமான ஸ்கேனரில் விட்டான். வரிசை பார்த்தான், பக்க எண்ணிக்கை பார்த்தான், கோத்தான், ஏற்றினான். 'ஏற்கப்பட்டது' என்று பச்சையில் வந்தது. மூன்றரைதான் ஆகியிருந்தது. டப்பாவைத் திறந்து, ஆறிப்போன சாம்பார் சாதத்தில் கையை வைத்தான்.

போகாமல் நின்றுகொண்டிருந்த சங்கரேஸ்வரி, அம்மா எழுதிக் கொடுத்த பக்கத்தை ஒரு தடவை திரையில் காட்டச் சொன்னாள். அவளுக்குத் தமிழும் சரியாகப் படிக்க வராது, மராட்டியும் வராது. பள்ளிக்கூடம் ஹிந்தியில் கொஞ்ச நாள். எதைப் பார்க்கப் போகிறாள் என்று சலித்துக்கொண்டே, இடது கையால் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிட்டான்.

அவள் முகத்தைத் திரைக்கு மிகக் கிட்டே கொண்டுபோனாள். அடுத்த பக்கம் காட்டச் சொன்னாள். அதற்கும் அடுத்தது.

"அண்ணாச்சி, எங்கம்மையைக் காணலியே."

இசக்கிராஜுக்குப் புரியவில்லை. அவள் கவரிலிருந்து அசலை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். அசலில், இடது ஓரத்தில், பஞ்ச் ஓட்டைகளுக்கு நடுவே, ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கட்டைவிரல் ரேகை. திரையில் அந்த இடம் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது.

அவன் கையில் இருந்த சோறு டப்பாவிலேயே விழுந்தது. என்ன நடந்தது என்று அவனுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது, விளங்காமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோர்ட் வாசலில் குடை போட்டு உட்கார்ந்திருக்கும் நோட்டரி குமாஸ்தாக்கள், டைப் அடித்தது அடிவரைக்கும் நிரம்பிவிட்டால் ஓரத்தில்தான் கைநாட்டு வாங்குவார்கள். பக்கத்தை மாற்றிச் செருக முடியாதபடி எல்லாப் பக்கத்திலும் வாங்குவார்கள். தங்கத்தாய்க்கு ஆயுசு முழுக்கப் பாத்திரம் தேய்த்த கை. ரேகை தேய்ந்து போயிருக்கிறது, சரியாக விழாது என்று குமாஸ்தா மையை அப்பி அழுத்தியிருக்கிறான். சுத்தக் கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்தபோது அது கோடே இல்லாத ஒரு கறுப்பு உருண்டையாகிவிட்டது. இடது ஓரத்தில் உருண்டையாகக் கறுப்பு எது இருந்தாலும் சாஃப்ட்வேருக்கு அது ஓட்டைதான். சுற்றியிருந்த வெள்ளையை எடுத்துப் பூசி அடைத்துவிட்டது.

வேலுச்சாமி சொன்னதற்கு இவனே சாட்சி தயார் பண்ணி ஏற்றியிருக்கிறான். அப்பீலை விசாரிக்கிற அதிகாரி அசலைக் கேட்பதற்கு முன்னால் பிடிஎஃப்பைத்தான் பார்ப்பார். பார்த்தால் அம்மா கைநாட்டே வைக்கவில்லை.

அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மொட்டையாகவே சொன்னான். போன வாரம் மிஷினில் ஒன்றை மாற்றி வைத்தேன், அது ரேகையை ஓட்டை என்று நினைத்து அழித்துவிட்டது, தப்பு என்னுடையதுதான், பார்த்திருக்க வேண்டும் என்றான். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, காலையிலிருந்து நிற்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

வக்கீலம்மாவுக்குப் போன் போட்டான். ஐந்து மணி வரைக்கும் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றலாம், ஆனால் அதற்கும் ஆப்ஜெக்ஷன் வந்தால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். ஆக, ஓரத்தில் கறுப்பும் இருக்கக் கூடாது, ரேகையும் போகக் கூடாது.

இசக்கிராஜ் கையைக் கழுவிவிட்டு இரண்டு டிக்கையும் எடுத்தான். மற்றப் பக்கங்களில் ரேகை கிடையாது, அவை போனபடியே போகட்டும் என்று முதலில் நினைத்தான். பிறகு அந்த நினைப்பையே நம்பாமல், எல்லாப் பக்கத்தையும் அசலோடு ஒத்துப் பார்த்தான். சங்கரேஸ்வரி அசலைப் புரட்ட, அவன் திரையில் புரட்டினான். படிக்கத் தெரியாதவளுக்கு இதில் ஒரு குறையும் இல்லை. வரிகளை விட்டுவிட்டு ஓரங்களை மட்டும் பார்த்தாள். மற்றப் பக்கங்களில் எதுவும் போயிருக்கவில்லை.

அம்மாவின் பக்கங்களை மட்டும், தூசி படிந்து கிடந்த கண்ணாடி ஸ்கேனரில் ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்தான். அதன் மூடி உள்பக்கம் வெள்ளை. ஓட்டை வழியாக வெள்ளைதான் தெரியும், அழிக்க வேண்டிய அவசியமே வராது. சுத்தக் கறுப்பு வெள்ளையை விட்டு, சாம்பல் நிறங்களும் பதிவாகிற மாதிரி மாற்றினான். காகிதத்தை விளிம்போடு ஒட்டி நேராக வைத்தான். இப்படிச் செய்தால் நேரம் பிடிக்கும், அதனால்தான் இப்படிச் செய்வதில்லை. வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது.

விளக்குக் கோடு மெதுவாக நகர்ந்தது. திரையில் முதல் பக்கம் வந்தது. ரேகை இருந்தது. மை அப்பின நடுப்பகுதி இருண்டுதான் கிடந்தது, ஆனால் விளிம்பில் கோடுகள் வளைந்து வளைந்து தெரிந்தன. குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பும் தெரிந்தது.

"அது பிளேடு பட்டது. என் யூனிஃபார்ம்ல தையல் பிரிக்கையில வெட்டிக்கிட்டா" என்றாள் சங்கரேஸ்வரி. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இரண்டாவது பக்கத்தில் யாரோ பஞ்ச் பண்ணும்போது ஓட்டை ரேகையின் ஓரத்தைக் கடித்திருந்தது. அங்கே ஓட்டையைச் சுற்றி மெல்லிய நிழல் வளையம் விழுந்தது. அதைத் துடைத்தால் ரேகையிலும் கொஞ்சம் போகும். இதைத் தடம் என்று சொல்லித் திருப்பினால் என்ன செய்வது என்று அவன் யோசித்தான். விடலாமா, எடுக்கலாமா என்று அவளையே கேட்டான்.

"அம்மை மேல கை வைக்காதிய அண்ணாச்சி. திருப்புனா நான் அங்க போய் உக்காந்துக்கிடுதேன். எவ்வளவு நேரம்னாலும் சரி."

அவன் தொடவில்லை. புதுப் பக்கங்களைப் பழைய இடத்தில் செருகி, மறுபடியும் கோத்து, முதலில் இருந்து கடைசி வரை ஓட்டிப் பார்த்து ஏற்றினான். திரையில் சக்கரம் சுற்றியது. நாலே முக்காலுக்குச் சுற்றத் தொடங்கி, அவனுடைய பொறுமையின் அடிமட்டம் வரை சுற்றியது. பச்சை வந்தது. யாரும் சந்தோஷப்படவில்லை, அதற்குத் தெம்பு வேண்டாமா. சங்கரேஸ்வரி அசலைக் கவரில் போட்டு, கவரை மடித்து, பையின் அடியில் வைத்தாள். வாசல் வரைக்கும் போனவள் திரும்பினாள்.

"அண்ணாச்சி, இந்த மிஷின்ல போன வாரத்துல இருந்து வேற யாருது போச்சு?"

"நெறைய பேருது" என்றான்.

"அவங்க எல்லாம் என்னை மாதிரி நின்னு பாத்தாங்களா?"

அவள் குத்திக்காட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவன் கண் ஸ்கேனர் பக்கம் போனதைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

டப்பாவில் சோறு காய்ந்திருந்தது. முதுகு விட்டுப்போய்விடும் போல வலித்தது. கடையை அடைத்துவிட்டுப் போனால் யாரும் கேட்கப் போவதில்லை, யாருக்கும் இன்னும் தெரியாது. இசக்கிராஜ் டிக் போட்ட நாளின் ஃபோல்டரைத் திறந்தான். முதலில் இருந்தது கோவண்டியில் குடியிருக்கும் ரோசம்மாவின் ஃபைல். புருஷன் வேலை பார்த்த கம்பெனியிலிருந்து அவளுக்கு வரவேண்டிய பணத்துக்கான மனு. அவளும் கைநாட்டு. ஓரத்தில் பெருவிரல் மை இருந்தது அவனுக்கு ஞாபகம் இருந்தது, காகிதத்தை விடும்போது அவன் விரலில் ஒட்டியது. திரையில் அந்தப் பக்கம் பளிச்சென்று இருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

அவள் நம்பரைத் தேடி அழைத்தான். நெடுநேரம் அடித்த பிறகு எடுத்தாள். அன்றைக்குக் கொண்டு வந்த அந்த அசல் காகிதம் பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டான்.

"எங்க வச்சேன்னு தெரியலியே தம்பி. மழைத் தண்ணி வேற உள்ள வந்துச்சு. கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு, இனிமே பயமில்லன்னு நீங்கதான சொன்னிய."

சொல்லியிருந்தான். எல்லாரிடமும் சொல்வான்.

"தேடிப் பாருங்கம்மா, நான் லைன்லயே இருக்கேன்" என்றான் இசக்கிராஜ்.

அவள் போனைக் கீழே வைத்தாள். ஒரு தகரப் பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு, ஈரத்தில் ஒட்டிப்போன காகிதங்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கிற சத்தம். அவன் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தான்.