ஓரத்தில் எழுதிய கேள்வி

நண்பகல் லுஹர் தொழுகையை முடித்துவிட்டு வந்து, காலையில் அனுப்பிய கோப்பை ரஹ்மத் நிஷா இன்னொரு முறை திறந்தாள். அனுப்பிய பிறகு ஒரு தடவை படித்துப் பார்ப்பது அவளுடைய பழக்கம். பதினெட்டு ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் மொழிபெயர்ப்பையே தொழிலாகச் செய்கிறவள். அனுப்பிய பின் படித்து என்ன பயன் என்று வீட்டில் கேலி செய்வார்கள். மனசு ஆறும் என்பாள்.

அன்று ஆறவில்லை.

பக்கத்தின் வலது ஓரத்தில், மஞ்சள் கட்டத்துக்குள், அவள் போன வாரம் எழுதிய கேள்வி அப்படியே இருந்தது. "புகார் கொடுத்தவர் ஆணா, பெண்ணா?" அதன் கீழே ஆள்வளப் பிரிவு மிஸ் கோ ஒரே சொல்லில் பதில் எழுதியிருந்தார்: "பெண்."

அந்தக் கட்டத்தோடுதான் கோப்பு போயிருக்கிறது.

அது ஓர் உணவுத் தயாரிப்புக் கூடத்தின் அறிவிப்பு. பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் குளிரூட்டிய சாப்பாடு அனுப்புகிற இடம். அங்கே மேற்பார்வையாளராக இருந்தவர் பழைய பொட்டலங்களின் தேதிச் சீட்டைப் பிய்த்துவிட்டுப் புதுத் தேதி ஒட்டியதை ஒரு பணியாளர் பார்த்துப் புகார் கொடுத்திருக்கிறார். விசாரணை முடிந்து மேற்பார்வையாளரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். நடந்ததை எல்லாப் பணியாளருக்கும் நான்கு மொழிகளில் தெரிவிக்க வேண்டும். புகார் கொடுத்தவர் யார் என்று மட்டும் தெரியக்கூடாது.

ஆங்கில மூலத்தில் அதை அழகாக மறைத்திருந்தார்கள். புகார் கொடுத்தவருக்கு எங்கும், ஆணா பெண்ணா என்று காட்டாத 'தே'. மேற்பார்வையாளருக்கு 'ஹீ'. யார் யாரிடம் என்ன சொன்னார் என்பதில் குழப்பமே இல்லை. தமிழில் இரண்டு பேரும் 'அவர்' ஆகிவிட்டார்கள். "அவர் கேட்டபோது, வேலையைப் பார்க்கும்படி அவர் அவரிடம் கூறினார்" என்று ஒரு வாக்கியம் வந்து நின்றது. அதை எப்படி அவிழ்ப்பது என்று யோசித்தபோதுதான், கை பழக்கத்தில் அந்தக் கேள்வியை ஓரத்தில் எழுதினாள். பதில் வந்ததும், ஏன் கேட்டோம் என்று வருந்தினாள். வாக்கியத்தை அப்படியே விட்டாள். ஆனால் கேள்வியை அழிக்க மறந்துவிட்டாள்.

அந்தக் கூடத்தில் தமிழ் படிக்கிற பெண் எத்தனை பேர் என்று யோசித்தாள். மிஸ் கோ முன்பு ஒரு தடவை பேச்சுவாக்கில் சொன்னது நினைவுக்கு வந்தது. "தமிழ் ஆளுங்க பத்துப் பேர் இருக்காங்க. பொம்பள ஒருத்திதான்."

மிஸ் கோவுக்குத் தொலைபேசியில் அடித்தாள். எடுக்கவில்லை. மூன்று முறை அடித்தாள். கூட்டத்தில் இருக்கிறேன் என்று குறுஞ்செய்தி வந்தது. 'கோப்பை யாருக்கும் அனுப்ப வேண்டாம்' என்று எழுதினாள். உடனே பதில்: 'காலையிலேயே உட்லண்ட்ஸ் கூடத்து அலுவலகத்துக்கு அனுப்பியாச்சே. மூணு மணிக்கு ஒட்டுவாங்க.'

மணி ஒன்று ஐம்பது. தொலைபேசியில் சொன்னால் இன்னும் நாலு காதுக்குப் போகும் என்று, ஈசூன் வீட்டிலிருந்து உட்லண்ட்ஸுக்கு டாக்சி பிடித்தாள். வழியெல்லாம் உதடு அசைந்துகொண்டே இருந்தது. யா அல்லாஹ், என் கையால் ஒருத்திக்குத் தீங்கு வரவேண்டாம்.

கூடத்தின் முன் அலுவலகத்தில் சற்குணம் இருந்தான். முப்பது வயதுக்குள் இருக்கும். முன்பு இரண்டு மூன்று முறை தொலைபேசியில் பேசியவன்தான். அவள் பேரைச் சொன்னதும் எழுந்தான்.

"வாங்கக்கா! நீங்களே வந்துட்டீங்க? நான் உங்களுக்கு ஃபோன் பண்ணலாம்னு இருந்தேன். ஒரே அவர் மயமா இருந்துச்சு, எந்த அவர் எந்த அவருன்னே புரியல. நானே கொஞ்சம் சரி பண்ணிட்டேன், கோவிச்சுக்காதீங்க."

மேசையில் இருந்த தாளை நீட்டினான். "அவள் கேட்டபோது, வேலையைப் பார்க்கும்படி அவர் அவளிடம் கூறினார்." தாள் முழுக்க அப்படித்தான். பார்த்தாள், சொன்னாள், பயந்தாள்.

நிஷா தாளை மேசையில் வைத்தாள். "தம்பி, ஏம்ப்பா இப்படி?"

"ஓரத்துல பெண்ணுன்னு போட்டிருந்துச்சேக்கா. பெரியவருக்கு அவர், சின்ன வேலை செய்யறவங்களுக்கு அவள். அப்பத்தானே படிக்கறவனுக்கு வித்தியாசம் தெரியும்?" சொல்லிக்கொண்டே வந்தவன், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். பிறகு மெதுவாக, "ஐயய்யோ," என்றான். "இங்க யோகேஸ்வரி ஒருத்திதானேக்கா..."

"பேரைச் சொல்லாதே. எத்தன தாள் அடிச்சே?"

"ரெண்டு. ஒண்ணு இது. இன்னொண்ணு..." பின்பக்கம் கையைக் காட்டினான். "குமரேசன்கிட்ட குடுத்துட்டேன். சரக்கு ஏத்தற இடத்துல ஒட்டச் சொல்லி."

"யார் குமரேசன்?"

"வேன் ஓட்டறவன். ஜொகூர்லேர்ந்து ஆளுங்கள ஏத்திட்டு வர்றவன். மாத்தின மேற்பார்வையாளரு இருக்காரே, அவரோட மச்சான்."

நிஷா கேட்காமலே மீதியையும் சொன்னான். அந்தப் பெண் தினமும் அந்த வேனில்தான் மலேசியாவிலிருந்து பாலம் தாண்டி வருகிறாள், போகிறாள். யார் மாட்டிவிட்டது என்று குமரேசன் இரண்டு வாரமாக ஒவ்வொருவர் வாயையும் கிண்டிக்கொண்டிருக்கிறான்.

இருவரும் பின்பக்கம் ஓடினார்கள்.

வேன் வந்து நின்றிருந்தது. மதிய வேலைக்காரர்கள் இறங்கிக் கைகால் நீட்டிக்கொண்டிருந்தார்கள். வேன் படியில் உட்கார்ந்து குமரேசன் பொட்டலத்தைப் பிரித்து நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தாள் நான்காக மடிந்து சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்தது. இன்னும் ஒட்டவில்லை.

"குமரேசா, அந்தத் தாளக் குடு," என்றான் சற்குணம். குரல் இயல்பாக வரவில்லை.

"ஏன், என்னாச்சு?" குமரேசன் விரலை நக்கிவிட்டுத் தாளை எடுத்தான். கொடுக்கவில்லை. பிரித்துப் பார்த்தான். அவன் தாளைத் தலைகீழாகத் திருப்பி, மறுபடி நேராகத் திருப்பினான். "நான் படிச்சது மலாய் ஸ்கூலு. இந்த ஜிலேபி எழுத்து எனக்கு வராது. இவங்க யாரு?"

"இத மொழிபெயர்த்தவங்க."

"அட, நல்லதாப் போச்சு! நீங்களே படிச்சுச் சொல்லுங்கக்கா. எங்க மச்சானப் பத்தி என்ன போட்டிருக்கு? மாட்டிவிட்டது யாரு?"

தாளை அவள் கையிலேயே கொடுத்தான். இறங்கியவர்களும் அருகே வந்தார்கள். ஆண்களுக்குப் பின்னால், தலைமுடியை வலைத் தொப்பிக்குள் திணித்தபடி ஒரு பெண் நின்றாள். நாற்பது வயது இருக்கும். திணித்த கை அப்படியே நின்றுவிட்டது.

நிஷா தாளைப் பார்த்தாள். கண்ணில் பட்டதெல்லாம் அவள், அவள். வாயில் வரப்போவதோ பேச்சுத் தமிழ். அவரு என்றால் ஆண் என்று எடுத்துக்கொள்வார்கள். இங்கே நிற்கிற ஆண்களில் யாரோ ஒருவன் பழி சுமப்பான். அவங்க என்றால் எல்லாக் கண்ணும் பின்னால் திரும்பும். எழுத்தில் ஒளிந்துகொள்ள இருக்கிற இடம் பேச்சில் இல்லை. பொய் சொல்லவும் அவளுக்கு நா எழாது.

பிஸ்மில்லாஹ் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு தொடங்கினாள்.

"பழைய பொட்டலத்துல தேதிச் சீட்ட மாத்தி ஒட்டினத யாரோ பாத்திருக்காங்க. என்ன இதுன்னு கேட்டதுக்கு, உன் வேலையப் பாருன்னு பதில் வந்திருக்கு. அதுக்கப்புறம் ஆபீசுல புகார். விசாரிச்சதுல உண்மைன்னு தெரிஞ்சிருக்கு. மேற்பார்வையாளர வேற இடத்துக்கு மாத்தியாச்சு. புகார் குடுத்த ஆளுக்கு யாரும் தொந்தரவு குடுத்தா நடவடிக்கை உண்டு."

ஒவ்வொரு வாக்கியத்தையும் கண்ணாடிக் குவளையை இறக்குவதுபோல் இறக்கினாள்.

"யாரோன்னா?" குமரேசன் எழுந்தான். "ஒருத்தனா, ஒருத்தியா? அதுல போட்டிருக்கும்ல?"

"யாரோன்னா யாரோதான், தம்பி. அத யாருக்கும் சொல்லக்கூடாதுன்னுதான் இந்த அறிவிப்பே."

"சரி குடுங்க, ஒட்டணும்."

அவன் கை நீண்டது. வந்தவர்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். நிஷா தாளை மடித்துத் தன் கைப்பையில் போட்டாள்.

"இது வேண்டாம். இதுல தப்பு இருக்கு. வேற தாள் வரும்."

"என்ன தப்பு?"

"நான் செஞ்ச தப்பு. என் வேலை சரியில்ல."

குமரேசன் சிரித்தான். "காசு வாங்கிட்டுத் தப்பாவா எழுதுவீங்க? எங்க அக்கா மவனே உங்களவிட நல்லா எழுதுவான் போல!" மற்றவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அவன் சந்தேகம் கரைந்துபோனது. நிஷாவுக்குக் காது சுட்டது. இருந்தாலும் அந்த அவமானத்தை ஒரு தர்மம்போல வாங்கிக்கொண்டாள்.

உள்ளே திரும்பியதும் நிஷா கைப்பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தாள். சற்குணம் இரண்டு தாள்களையும் கிழிக்கும் இயந்திரத்தில் விட்டான். கோப்பை அவள் கண்ணெதிரிலேயே அழித்தான்.

"பாத்தத மறக்க முடியாதுக்கா," என்றான். "ஆனா சொல்லாம இருக்க முடியும். என் பொண்ணு மேல சத்தியம்."

"சத்தியம் வேண்டாம்ப்பா. சொல்லாம இரு, போதும்."

அவனுடைய கணினியிலேயே உட்கார்ந்து புதிதாக எழுதினாள். அவர் என்ற சொல்லையே எடுத்துவிட்டாள். ஒருவரைச் சொல்லும் இடமெல்லாம் 'புகார் அளித்தவர்', மற்றவரைச் சொல்லும் இடமெல்லாம் 'மேற்பார்வையாளர்'. "புகார் அளித்தவர் இதுபற்றிக் கேட்டபோது, தம் வேலையை மட்டும் பார்க்கும்படி மேற்பார்வையாளர் கூறியுள்ளார்." சொன்னதையே சொல்வதுபோல் இருந்தது. அழகு கொஞ்சம் குறைந்தது. யாருடைய செயல் என்பதில் குழப்பமில்லை.

"இத முதல்லயே செஞ்சிருக்கலாம்," என்றாள். "வாக்கியம் நீளுதேன்னு பாத்தேன். இன்னொண்ணும் சொல்றேன், மனசுல வச்சுக்காதே. சீட்ட மாத்தினவருக்கு அவர். உள்ளதச் சொன்னவங்களுக்கு அவள். இது நியாயமா?"

சற்குணம் தலையைச் சொறிந்தான். "நான் அப்படி நெனச்சு எழுதலக்கா."

"தெரியும். நாம யாரும் நெனச்சு எழுதறதில்ல."

மிஸ் கோ கூட்டம் முடிந்து அழைத்தார். நிஷா ஒன்றையும் விடாமல் சொன்னாள். ஓரத்தில் கேட்டது, அழிக்க மறந்தது, படித்துக் காட்டியது. "இனிமே வேற ஆள்கிட்ட குடுக்கறதுன்னாலும் எனக்கு வருத்தமில்ல," என்று முடித்தாள்.

"கேட்டது நீங்க. பதில் எழுதினது நான்," என்றார் மிஸ் கோ. "திறந்துகூடப் பாக்காம அனுப்பினதும் நான்தான். அந்த வேன நாளைக்கே மாத்திடறேன். எல்லாரையும் சேத்து மாத்தறேன், ஒருத்தர மட்டும்னா தெரிஞ்சுபோயிடும். அடுத்த வேலையும் உங்களுக்குத்தான்லா, முதல்ல மூச்சு விடுங்க."

மூன்று மணிக்குப் புதுத் தாள் பலகையில் ஏறியது. ஏழெட்டுப் பேர் சூழ்ந்து படித்தார்கள். ஒருவன் உரக்கப் படித்தான். அளித்தவர், அளித்தவர் என்று வந்ததே தவிர அதில் யாரும் பிடிபடவில்லை. சலித்துப்போய்க் கலைந்தார்கள்.

கடைசியாக அந்தப் பெண் வந்தாள். விரலை வரிமேல் வைத்து மெல்லப் படித்தாள். நிஷா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, பார்க்காததுபோல் நின்றாள்.

"அக்கா." அந்தப் பெண் தண்ணீர்ப் புட்டியை நீட்டினாள். "ரொம்ப வேர்த்துப்போயிருக்கீங்க. குடிங்க."

நிஷா வாங்கிக் குடித்தாள். புட்டி பாதியானது.

"இதுல இருக்கறது யாருன்னு உங்களுக்குத் தெரியுமாக்கா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.

"நல்ல மனுஷங்கன்னு தெரியும்மா," என்றாள் நிஷா. "வேற எதையும் நான் எழுதல. எழுதவும் மாட்டேன்."

அந்தப் பெண் பலகையை இன்னொரு முறை திரும்பிப் பார்த்தாள்.

"அளித்தவர்னு போட்டிருக்கீங்க," என்றாள் தணிந்த குரலில். "என்னைய... அவங்கள யாரும் இப்படி மரியாதையா எழுதினதில்ல."

சொல்லிவிட்டுத் தொப்பிக்குள் முடியை ஒதுக்கிக்கொண்டு, கை கழுவும் தொட்டிப் பக்கம் போனாள்.