எறும்பு என்று தேடினால்

பள்ளி நூலகத்துக்குக் கணினியில் தேடுபட்டியல் போட அனுமதி கேட்டு அறிவியல் ஆசிரியை முதலில் எழுதிய கடிதம் மூன்றாம் நாளே திரும்பி வந்தது. ஓரத்தில் முதல்வர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: ‘பதிவேடு உள்ளது. தேவையில்லை.’

பதிவேடு இருந்தது உண்மைதான். ஆயிரத்தெண்ணூறு புத்தகங்கள், வந்த தேதி வரிசையில். எறும்பைப் பற்றிப் படிக்கக் கேட்ட ஆறாம் வகுப்புப் பெண்ணுக்காக அவள் இரண்டு நாள் அதைப் புரட்டினாள். ‘எறும்பு’ என்ற சொல்லே எங்கும் இல்லை. கடைசியில் அலமாரியைக் குடைந்தபோதுதான் ‘மண்ணுக்கடியில் ஓர் ஊர்’ கிடைத்தது. முழுக்க எறும்புக் கதை!

“அவர்கிட்ட எதுக்கு மல்லுக்கு நிக்கிற? விட்டுத் தொலை” என்றான் கணவன். அவள் விடவில்லை.

ஒரே ஓர் அலமாரியை எடுத்துக்கொண்டாள். இருநூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள். தலைப்பு, ஆசிரியர், பதிவெண், தட்டு, பொருள்சொற்கள், இருப்பு என்று கணினியில் அட்டவணை போட்டாள். எறும்புப் புத்தகத்தின் பொருள்சொற்களில் ‘எறும்பு, பூச்சி, புற்று’ என்று சேர்த்தாள். பதிவேட்டில் அந்த அலமாரிக்கு உரியவையாக இருந்தும் அங்கே காணாதவற்றுக்கு இருப்பில் ‘இல்லை’ என்று போட்டாள். முப்பத்தொன்று தேறின. இந்தப் பட்டியலை இணைத்து இரண்டாவது கடிதம் எழுதினாள். இம்முறை அலுவலக எழுத்தரிடம் கொடுத்து, வரவு எண் போட்டு வாங்கிக்கொண்டாள். எண் விழுந்த கடிதத்துக்கு எழுத்தில் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

முதல்வர் கூப்பிட்டனுப்பினார். முகம் கடுகடுவென்றிருந்தது.

“தேடுறதெல்லாம் சரி டீச்சர். இந்த ‘இல்லை’ங்கற கட்டத்த எடுத்துடுங்க. இப்பவே கையெழுத்து போடுறேன்.”

“எடுக்க முடியாது சார். எடுத்தா பட்டியல் பொய் சொல்லும். பிள்ளைங்க தேடிக் கண்டுபிடிச்சு, வெறும் தட்டு முன்னாடி வந்து நிப்பாங்க.”

“வெளிய தெரிஞ்சா யாருக்கு அசிங்கம்? எனக்குத்தானே?”

“இரவல் நோட்டுல பார்த்தேன் சார். காணாத முப்பத்தொண்ணுல அஞ்சு உங்க பேர்லதான் இருக்கு. ரெண்டு என் பேர்ல. என்னோடதை நேத்தே கொண்டாந்து வச்சிட்டேன்.”

இவ்வளவு சொன்னபிறகு வேலை போனாலும் போகட்டும் என்று அவளுக்குத் தோன்றியது. நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

“உங்களுக்கு வாய் ஜாஸ்தி” என்றார் அவர்.

“முடியாதுன்னா அதையே எழுதிக் குடுங்க சார். கோப்புல வச்சுக்கறேன்.”

முதல்வர் பேனாவை எடுத்தார். ‘அனுமதி. பாடவேளைக்கு வெளியே மட்டும். ஒரு பருவத்துக்குள் முடிக்கவும்’ என்று எழுதி, கடிதத்தை மேசை ஓரமாகத் தள்ளிவிட்டார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒரு பருவம் போதாது என்று அவளுக்குத் தெரியும். அந்தச் சண்டையை அப்போது பார்த்துக்கொள்ளலாம். கடிதத்தை மடித்துக்கொண்டு நேராக நூலகம் போனாள், இரண்டாவது அலமாரியைத் திறந்தாள். தூசியில் அடுக்கடுக்காய்த் தும்மல் வந்தது.