போன வருஷம் தவறியவர்

ஆடிப் பதினெட்டுக்கு விடிந்தாலே எனக்கு எரிச்சல்தான். நாற்பத்தொரு வயதில், கல்யாணம் ஆகாமல், அன்றைக்குக் கோமுகி அணைப்பக்கம் போய்ப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

சங்கராபுரத்தில் பஸ் ஏறியபோதே ஆரம்பித்துவிட்டது. தம்பி வெற்றிவேலும் அவன் பெண்டாட்டி பாரதியும் ஒரு சீட்டில். எதிர்ச் சீட்டில் ஒரு புது ஜோடி. ஆடி பிறந்ததும் தாய்வீட்டுக்குப் போன பெண்ணை மாப்பிள்ளை இன்றைக்குத்தான் பார்க்கிறானாம், பிடித்த கையை விடவே இல்லை. என் மடியில் புளிசாதத் தூக்கு, தேங்காய்சாதத் தூக்கு, நாலு பேருடைய மாற்றுத்துணி. ஜோடி இல்லாதவள் கை சும்மாதானே இருக்கும் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு.

அணைக்குக் கீழே ஆற்றங்கரை முழுக்கக் கூட்டம். மணலைக் கூட்டிச் சாமி பிடித்து, விளக்கேற்றி, காதோலை கருகமணி வைத்துப் படைத்துக்கொண்டிருந்தார்கள். புருஷன்காரர்கள் செல்போனைத் தூக்கிப் பிடிக்க, புதுப்பெண்கள் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டார்கள். கன்னிப்பெண்களுக்கும் அன்று மஞ்சள்கயிறு உண்டு. சுமங்கலி ஒருத்தி கழுத்தில் கட்டிவிட்டால் அடுத்த ஆடிக்குள் மாப்பிள்ளை வந்துவிடுவானாம். எனக்கு வருஷா வருஷம் அம்மாதான் யாரையாவது கெஞ்சிக் கூட்டிவந்து கட்டவைப்பாள். இந்தத் தையில் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். இனி யாருக்கு ஞாபகம் வரும்?

பாரதி தன் மகள் இலக்கியாவைக் கயிறு கட்டும் வரிசையில் உட்காரவைத்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"அண்ணி, பையைப் பாத்துக்கினு இருங்க. நாங்க ரெண்டு பேரும் முழுகிட்டு வந்துடறோம்."

எனக்கு வந்ததே கோபம். பையாவது மண்ணாவது! போட்டது போட்டபடி விட்டுவிட்டு, இலக்கியாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஆசைதான், வேறென்ன. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அந்தக் கயிறு வேண்டியிருந்தது.

தட்டோடு வந்தவள் ராஜாம்பாள் என்கிற அம்மாள். எங்களுக்குப் பக்கத்தில் படையல் போட்டிருந்த குடும்பம், மலையடிவாரத்து ஊர். இலக்கியாவுக்குக் கட்டி, குங்குமம் வைத்து, என்னிடம் வந்தாள். கழுத்தைப் பார்த்தாள். காதோர நரையைப் பார்த்தாள். வந்ததுமே ஆற்றில் ஒரு முழுக்குப் போட்டிருந்தேன், அதில் என் ஸ்டிக்கர் பொட்டு போயிருந்தது. நீட்டிய கை அப்படியே பின்னால் போய்விட்டது.

"தப்பா நெனச்சுக்காதம்மா. நல்ல நாளும் அதுவுமா..." என்று குரலைத் தணித்தாள். "வூட்டுக்காரரு எப்பம்மா தவறுனாரு?"

'எனக்குக் கல்யாணமே ஆவல' என்பது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சொன்னால் அடுத்து என்ன கேட்பார்கள் என்று எனக்கு மனப்பாடம். ஏன் ஆவல? செவ்வாயா? மூலமா? ஒடம்புல இன்னா கொறை? வரிசையிலிருந்த சின்னப்பெண்கள் எல்லாம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போன வருஷம்" என்றேன்.

இலக்கியா வாயைப் பிளந்தாள். ராஜாம்பாள் தட்டைக் கீழே வைத்தாள். "அய்யோ, எம்மாடி" என்று என் கன்னத்தைத் தடவினாள். "இந்த வயசுலயா! ஒனக்கு இந்தக் கதி வரணுமா!" அவள் கண்ணில் தண்ணீர். கையைப் பிடித்து எழுப்பி, மரத்தடியில் குந்தவைத்து, தன் இலையிலிருந்து சாதம் எடுத்து வைத்தாள். எந்தக் குறையும் கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் என் தனிமைக்காக ஒரு ஜீவன் அழுதது அதுதான் முதல் தடவை. நானும் அழுதேன். தேம்பித் தேம்பி, மூக்கு ஒழுக அழுதேன். நடிப்பில்லை. வராமலே போனவனுக்காக அழுதேன், சத்தியமாக.

இலக்கியா போய் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். திரும்பும்போது பஸ்ஸில் பாரதி புருஷனைத் தனியே விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன்.

"அண்ணி, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. இனிமே எங்க போனாலும் அப்டியே சொல்லிடுங்க. அடுத்த வருஷம் இலக்கியாவுக்கு எடம் பாக்க ஆரம்பிக்கணும். பொண்ணோட அத்த ஏன் கல்யாணம் ஆவாம குந்திகினு கீதுன்னு கேட்டா நாங்க இன்னா சொல்றது? செத்துட்டாருன்னா சோலி முடிஞ்சுது."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "சரி. செத்தவருக்குப் பேரு இன்னான்னு வெக்கலாம்? உன் புருஷனக் கேட்டுச் சொல்லு" என்றேன். சிரிப்பாள், இல்லாவிட்டால் வெட்கப்படுவாள் என்று நினைத்தேன்.

பாரதி நிஜமாகவே யோசித்தாள்.

"பேரெல்லாம் தேவப்படாது, அண்ணி. பொண்டாட்டி வாயால புருஷன் பேரச் சொல்லக்கூடாதுன்னு வுட்டுடுவாங்க."

என்னைப் பார்த்து ஒருத்தர் பொண்டாட்டி என்று சொன்னது அதுதான் முதல் தடவை.