நாலாம் அரங்கு, கடைசி வரிசை

கம்பெனி என்றால் கண்ணாடிக் கட்டடம் கண்ணுக்குள் வரும். இந்தக் கம்பெனி என்பது அக்கா, தங்கை, சாலிடர் வைக்க ஒரு டெக்னீஷியன், அப்புறம் சாப்பாட்டு மேஜையில் பாதி. அவ்வளவுதான். அக்கா எஞ்சினியர். கருவியைச் செய்வது அவள் பாடு. அதை நாலு பேருக்குத் தெரியப்படுத்துவது தங்கையின் பாடு. போஸ்டர், வலைத்தளம், போட்டோவுக்குக் கீழே போடுகிற கேப்ஷன் எல்லாம் அவள் தலையில்தான் விடிந்தன.

கருவி பிறந்த காரணம் அத்தான். அக்காவின் வீட்டுக்காரர், காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் விட்டவர். சந்தையின் ஒரு கோடியில் அவர் விலை சொன்னால் மறு கோடியில் லாரிக்காரன் வண்டியை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பான். தொண்டையில் புற்றுநோய் வந்தது. உயிரைக் காப்பாற்ற வேண்டுமென்றால் குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். எடுத்தார்கள். கழுத்தில் மூச்சுக்கு ஒரு துளை, அதை மறைக்க ஒரு துணி. அதற்குப் பிறகு அவர் சந்தைப் பக்கம் தலை வைத்துக்கூடப் படுக்கவில்லை. மேஜையில் நகத்தால் ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு தட்டு என்றால் இல்லை. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா தன்னிடம் வருகிற எல்லாருக்கும் அதைத்தான் முதல் பாடமாகச் சொல்லிக்கொடுப்பாராம். மூன்று வேளைச் சாப்பாடும் அந்த வீட்டில் தட்டலில்தான் நடந்தது.

கழுத்தில் வைத்து அழுத்திப் பேசும் கருவி கடையில் உண்டு. ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். குரல் ஏற்ற இறக்கம் இல்லாமல் வண்டு மாதிரி ஒரே ரீங்காரமாக வரும். அத்தான் ஒரே ஒரு நாள் அதை வைத்துப் பார்த்துவிட்டு அலமாரிக்குள் போட்டார். அக்கா செய்தது கழுத்துப்பட்டை. உள்ளேயிருக்கும் சின்ன மோட்டார் தோலை அதிரவைக்கும், அந்த அதிர்வை வாயும் நாக்கும் பேச்சாக்கும். இரண்டு கையும் சும்மா இருக்கும். கழுத்துத் துளையில் வரும் மூச்சின் வேகத்தைப் பார்த்து, சத்தத்தைக் கொஞ்சம் உயர்த்தித் தாழ்த்தவும் செய்யும். மனிதக் குரல் என்று பொய் சொல்ல முடியாது. ஆனால் கோபம் எது, கேள்வி எது என்று தெரியும்.

மருத்துவக் கருவிக் கண்காட்சியில் அதை யார் போட்டுக் காட்டுவது? அக்கா கெஞ்சினாள், தங்கை கெஞ்சினாள். கடைசியில் அவர் பட்டையை மாட்டிக்கொண்டு, வீட்டுக்குள்ளேயே, யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"என்னை மாதிரி ஆளுங்க வந்தா பேசுறேன். வேடிக்கை பார்க்க வர்றவனுக்கு நான் பேச மாட்டேன்."

அவர்களை வரவழைப்பது இனி தங்கையின் பொறுப்பு. எத்தனை தடவை அடித்து அடித்து எழுதினாள் என்று அவளுக்கே கணக்கில்லை. கடைசியில் எல்லாருக்கும் பிடித்தது இதுதான்:

*"மீண்டும் பேசலாம். நேரில் வந்து கேளுங்கள், நீங்களே பேசிப் பாருங்கள். டெமோ: காலை 11.30, மாலை 3.30. அரங்கு 2, ஸ்டால் 14. வழி தெரியவில்லையா? உடனே அழையுங்கள்."*

கீழே ஒரு போன் நம்பர். அதற்கென்றே ஒரு பொத்தான் போன் வாங்கியிருந்தார்கள். வலைத்தளத்தில் கருவியின் படத்துக்குக் கீழே இதைக் கேப்ஷனாகப் போட்டாள். படத்தின் மேலேயும் அதே வரிகளைப் பெரிதாகப் போட்டு, பயிற்சியாளர் அம்மாவிடம் கொடுத்தாள். அவர் தன் நோயாளிகளின் குழுவில் படத்தை மட்டும் அனுப்பினார்.

முந்தின நாள் சாயங்காலம் கண்காட்சிக்காரர்களிடமிருந்து செய்தி வந்தது. இட ஒதுக்கீட்டில் ஏதோ குளறுபடியாம், உங்களை நாலாம் அரங்குக்கு, கடைசி வரிசைக்கு, நாற்பத்தோராம் ஸ்டாலுக்கு மாற்றியிருக்கிறோம் என்று. அக்கா தலையில் கை வைத்தாள். தங்கை பதறவில்லை. வலைத்தளத்துப் பதிவைத் திறந்தாள், கேப்ஷனில் இடத்தை மாற்றினாள், மூடினாள். படத்துக்குள் அச்சாகியிருந்த பழைய எண் அவள் நினைவுக்கே வரவில்லை. அப்படியே ஏதாவது விட்டுப்போயிருந்தாலும் போன் நம்பர் இருக்கிறதே, தெரியாதவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.

மறுநாள் காலை பதினொன்றரை. அத்தான் நல்ல சட்டை போட்டு, பட்டையை மாட்டி, நின்றார். ஸ்டாலுக்கு முன்னால் ஒரு கூட்டம் இருக்கத்தான் செய்தது. இலவசப் பேனா கிடைக்குமா என்று பையோடு அலைகிறவர்கள், செல்போனைத் தூக்கிப் பிடித்த இரண்டு மாணவர்கள், அடுத்த ஸ்டாலில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த விற்பனையாளர். அத்தான் ஒவ்வொருவர் கழுத்தாகப் பார்த்தார். துணி கட்டிய கழுத்து ஒன்றுகூட இல்லை.

"அண்ணே, பேசிக் காட்டுங்கண்ணே," என்றான் ஒரு மாணவன், வீடியோவை ஓடவிட்டபடி.

அத்தான் பட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தார். மேஜையில் இரண்டு தட்டு தட்டினார். பின்னால் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். தங்கைக்கு அழுகை முட்டியது. அவரைக் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிவந்து, இத்தனை பேர் முன்னால் காட்சிப் பொருளாக நிறுத்திவிட்டோமே என்று இருந்தது.

போதாக்குறைக்கு அந்தப் பொத்தான் போன். காலையிலிருந்து உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. எடுத்தால் பேச்சு இல்லை. அரங்கின் இரைச்சலுக்குள் ஏதோ டக்கென்று ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. "ஹலோ, யாருங்க? பேசுங்க! பேசுறதுக்கு என்ன?" என்று கத்திவிட்டு வைப்பாள். இன்னொரு நம்பரிலிருந்து வரும். அதுவும் ஊமைக் கால். ஒரு தடவை பொறுக்க முடியாமல், "உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்றே கேட்டுவிட்டாள்.

சாப்பிட்டு முடித்த நேரத்தில் மறுபடி அடித்தது. தங்கை அத்தானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "ஹலோ? ஹலோ? லைன்ல இருக்கீங்களா, இல்லையா?"

டக்.

"பாருங்க அத்தான், காலைலேருந்து இதே தொல்லை. லைன் சரியில்லையா, இல்ல எவனாவது விளையாடுறானான்னு தெரியல."

அத்தான் அவள் கையிலிருந்த போனை வாங்கினார். பிடுங்கினார் என்றுதான் சொல்ல வேண்டும். காதில் வைத்துக் கேட்டார். பிறகு நகத்தால் போனின் மேல் மெல்ல ஒரு தட்டு தட்டினார். அந்தப் பக்கமிருந்து உடனே ஒரு தட்டு வந்தது. அவர் இன்னொன்று தட்டினார். அங்கிருந்தும் வந்தது. அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் தங்கைக்கு உறைத்தது.

குரல் இல்லாதவர்களைப் பார்த்து "உடனே அழையுங்கள்" என்று எழுதியிருக்கிறோம். எழுதியவள் அவள். படித்துப் பார்த்து நன்றாயிருக்கிறது என்றவள் அக்கா. தினமும் மூன்று வேளை ஒரு ஊமைத் தட்டலோடு உட்கார்ந்து சாப்பிடுகிற இரண்டு பேர். அழைத்தவர்களோ சொன்னபடி செய்திருக்கிறார்கள். பாவம், அவர்கள் அழைத்தேவிட்டார்கள்.

அத்தான் மேஜையை நோக்கிக் கையை நீட்டினார். அக்கா பட்டையை எடுத்து அவர் கழுத்தில் மாட்டினாள். அவர் எழுந்து நின்றார்.

"கேக்குதா?" என்றார் போனில். வரிசையில் நடந்துகொண்டிருந்தவர்கள் நின்றார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. "நானும் உங்களை மாதிரிதான். எனக்கும் கழுத்துல ஓட்டை. எங்க நிக்கிறீங்க? ரெண்டாம் அரங்கா?"

டக்.

"இடம் மாறிடுச்சு. நாலாம் அரங்கு. கடைசி வரிசை. நாப்பத்தொண்ணு. டெமோ மூணரைக்கு. நாலாம் அரங்கு, கடைசி வரிசை! வாங்க, நான் இருக்கேன்."

இரண்டாவது தடவை சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்தது. தக்காளிக் கூடைக்கு விலை ஏற்றும்போது உயரும் அதே இடத்தில் உயர்ந்தது. அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

தங்கை ஓடினாள். இரண்டாம் அரங்கு, பதினாலாம் ஸ்டாலில் மசாஜ் நாற்காலி விற்றுக்கொண்டிருந்தார்கள். பக்கத்துச் சுவரோரமாக நாலு பேர் நின்றிருந்தார்கள், கழுத்தில் துணியோடு. ஒருவர் கையில் செல்போன், அதில் அவள் எழுதிய படம். இன்னொருவரோடு வந்திருந்த மனைவி அவளைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார்.

"இவர் போன் போட்டுட்டிருந்தப்ப நான் விசாரணை மேஜையில கேட்டேம்மா. அவங்ககிட்ட இருக்கிற மேப்புலயும் பதினாலுதான் போட்டிருக்கு. இந்த நாற்காலிக்காரர் எங்களை வாங்க வந்தவங்கன்னு நெனச்சு உக்கார வெச்சுட்டார்."

"தப்பு என்னோடதுங்க," என்றாள் தங்கை. அவர்களை நாலாம் அரங்குக்கு அழைத்துக்கொண்டு நடந்தாள்.

மூன்றரை மணிக்கு அத்தான் அந்த நாலு பேருக்காகப் பேசினார். பின்னால் எத்தனை பேர் வேடிக்கை பார்த்தார்கள் என்று அவர் கவனிக்கவில்லை. ஒருவர் பட்டையை மாட்டி, ரொம்ப நேரம் தயங்கி, தன் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அந்த அம்மா என்னங்க என்றார், ஏதோ சமையலறையிலிருந்து கேட்கிற மாதிரி. அப்புறம்தான் அழுதார்.

தங்கை அப்போது ஒரு மூலையில் பொத்தான் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலையில் அழைத்தவர்கள் ஐந்து பேர். நாலு பேர் வந்துவிட்டார்கள். ஐந்தாவது எண், அவள் "வேற வேலையே இல்லையா" என்று கேட்ட எண். அழைத்தாள், எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்டு, இடமும் நேரமும் எழுதி, குறுஞ்செய்தி அனுப்பினாள். வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது:

*"நான் அவர் மகள். அப்பா தனியா வந்தார். போன்ல நீங்க திட்டினதும் திரும்பிட்டார். இனி எங்கயும் வர மாட்டேன்னு எழுதிக் காட்டினார். பரவாயில்லைங்க."*

அந்தப் பரவாயில்லைதான் அவளை அறுத்தது. போனை அத்தானிடம் நீட்டினாள். அவர் படித்தார், மறுபடியும் படித்தார். பட்டை இன்னும் கழுத்தில் இருந்தது.

"நீ எழுது," என்றார். "இந்தத் தடவை நான் சொல்றபடி எழுது."

அவர் சொல்லச் சொல்ல, கண்ணீர் மறைத்த பொத்தான்களைத் தேடித் தேடி அவள் தட்டினாள்:

*"டெமோ உங்க அப்பா வீட்டுல. இடத்தையும் நேரத்தையும் அவரையே எழுதச் சொல்லுங்க. கதவுல ஒரு தட்டு தட்டுவேன். அவரும் ஒண்ணு தட்டினா உள்ளே வர்றேன்."*