மேலே போட்ட டாப் வியூ

பெரம்பலூருக்கு வெளியே இருந்த அந்த டிசைன் கல்லூரியில் துறைத்தலைவர் முத்தமிழ்செல்வனின் பெயர்ப்பலகைக்கு மட்டும் ஆறு ஆணி அடித்திருந்தார்கள். பட்டங்களின் கனம் அப்படி. அப்பேர்ப்பட்டவர் பிரவீணாவின் விடைத்தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கள்ளநோட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரெட்டிபாளையத்துப் பெண். பிளஸ் டூவில் வரலாறு படித்தவள். அறிவியல் படிக்காமல் வருகிறவர்கள் முதல் பருவத்துக்குள் டெக்னிக்கல் டிராயிங் தேர்வில் தேற வேண்டும், இல்லையென்றால் சீட்டு போய்விடும். இது அவரே எழுதிய விதி. அதற்கு வகுப்பை யார் எடுப்பது என்பதை மட்டும் எழுத மறந்திருந்தார்.

இவளோ கோடு பிசகாமல் வரைந்திருந்தாள். அதுதான் அவருக்கு உறுத்தியது. போதாததற்கு, பொருளை முன்னாலிருந்து காட்டும் பிரண்ட் வியூவுக்குக் கீழே வர வேண்டிய டாப் வியூ மேலே உட்கார்ந்திருந்தது. இங்கே யாரும் அப்படிச் சொல்லித் தருவதில்லை.

“போன்ல எவனோ அனுப்புனதப் பாத்துப் போட்டியாம்மா?”

“இல்லிங்க சார். நானாதான் போட்டேன்.”

“வரலாறு குரூப்பு. அசோகர் எப்ப செத்தாருன்னு கேட்டா சொல்லுவே.”

“அது மறந்துபோச்சுங்க சார். ஒம்போதாவது கணக்குப் புத்தகத்துலேருந்து திரும்பப் படிச்சேன், அதுல மறந்துட்டேன். டிராயிங் மட்டும் யூடியூப்புல ஒரு அமெரிக்காக்காரர்கிட்ட.”

அமெரிக்கா என்றதும் சந்தேகம் இன்னும் தடித்தது. மேசையிலிருந்த ‘சிறந்த கல்வியாளர்’ கேடயத்தை அவள் பக்கம் தள்ளினார்.

“இத என் எதுக்க வரைஞ்சு காட்டு.”

அவள் கேடயத்தைக் கவிழ்த்துப் பார்த்தாள், ஸ்கேலால் அளந்தாள், முக்கால் மணி நேரம் வரைந்தாள். அவர் பேப்பர் படிப்பதுபோல் அதன் விளிம்புக்கு மேலாகவே கண்ணை வைத்திருந்தார். போன் பைக்குள்ளேயே கிடந்தது. டாப் வியூ மறுபடியும் மேலேதான் வந்தது. பீடத்துக்குள் விட்டுவிட்டுக் கோடுகள்.

“இது என்ன?”

“வெளிய தெரியாததக் காட்டுற கோடுங்க சார். அடியில உள்ள காலியா இருக்கு.”

அவர் கேடயத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “மூலையில இந்தப் பொம்மை?”

“மூணாங்கோணத்துல போட்டிருக்கேன்னு சொல்ற குறிங்க சார். அமெரிக்கா முறை, அதுல டாப் வியூ மேலதான் வரும். பரிச்சையிலயும் போட்டேன். எந்தக் கோணம்னு கேள்வித்தாள்ல இல்லியே.”

விடைத்தாளை எடுத்தார். குறி இருந்தது. அழகுக்குப் போட்டது என்று நினைத்து அவர்தான் தாண்டிப் போயிருந்தார். கேள்வித்தாளை எடுத்தார். டாப் வியூவைக் கீழே போடச் சொல்லும் ‘முதல் கோணம்’ என்ற சொல் எங்குமே இல்லை. அடியில் அவருடைய கையெழுத்துதான் பெரிதாக இருந்தது.

வெகுநேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். பிறகு ‘தேர்ச்சி’ என்று சின்ன எழுத்தில் எழுதி, கீழே நீளமாகக் கையெழுத்துப் போட்டார்.

“நம்ம ஊர்ல முதல் கோணம்தான். அதையும் படிச்சுக்க.”

“படிச்சுக்கிறேங்க சார்.”

அவள் கதவுவரை போனதும் குரலைத் தாழ்த்தினார். “அந்த அமெரிக்காக்காரர் லிங்க்க எனக்கும் அனுப்பி வை. சும்மா, சரியா நடத்துறாரான்னு பாக்கத்தான்.”