அரம் தோற்ற கண்ணாடி

எங்கள் கடிகாரக் கடையில் வாரும் பேட்டரியும் விற்பது நான். பழுது பார்ப்பது என் மனைவி. அன்று காலை அவள் ஒரு பழைய கடிகாரத்தின் அக்ரிலிக் மூடியைப் பாலிஷ் பசை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அக்ரிலிக் பிளாஸ்டிக் வகை. சீக்கிரம் கீறும், தேய்த்தால் கீறல் போய்விடும்.

அப்போது லேத் பட்டறைக்காரர் விறுவிறுவென்று உள்ளே வந்தார். போன வாரம்தான் அவர் கடிகாரத்துக்கு, எளிதில் கீறாத சஃபையர் கண்ணாடியை அவள் மாட்டிக் கொடுத்திருந்தாள். இப்போது அதன் குறுக்கே சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. அரம் உரசியதாம்.

“சஃபையர்னு சொல்லி என் தலையில மிளகா அரைச்சுட்டீங்களே, தங்கச்சி.”

வார் வாங்க வந்த இருவர் திரும்பிப் பார்த்தார்கள். நான் மறுத்துப் பேச வாயெடுத்தேன். அவள் கண்ணாலேயே என்னை அடக்கினாள்.

“அன்னிக்கு ஒரே அளவுல ரெண்டு கண்ணாடி மேஜையில இருந்துச்சுண்ணா. உங்களுக்குச் சஃபையர், ஒரு டீச்சரம்மாவுக்குச் சாதா மினரல் கண்ணாடி. பார்வைக்கு ரெண்டும் ஒண்ணுதான். மாத்திப் போட்டிருந்தா தப்பு என்னோடது. சரி பண்ணித் தரேன்.”

கடை திறந்து நாலு மாதம்தான். கெட்ட பேர் ஒன்று போதும். மினரலில் ஆழமாக விழுந்த கீறலைத் தேய்த்தால் உள்ளே இருக்கும் முள் அலையலையாகத் தெரியும், மாற்றத்தான் வேண்டும். உண்மை பேசியவளைத் தலைகுனிய விடாதே என்று மனசுக்குள் கடவுளிடம் கேட்டுக்கொண்டேன்.

அவள் கோட்டின் குறுக்கே நகத்தை ஓட்டினாள். எங்கும் சிக்கவில்லை. லென்ஸைக் கண்ணில் மாட்டிப் பார்த்தாள். பிறகு என்னிடம் பென்சில் ரப்பர் கேட்டாள். நாலைந்து தடவை அழுத்தித் தேய்த்ததும் கோடு கறுப்பாக ரப்பரில் ஏறிவிட்டது; கண்ணாடி பளிச்சென்று இருந்தது.

“இது கீறல் இல்லண்ணா, உங்க அரத்தோட இரும்பு. மினரலா இருந்தா அரம் தோண்டியிருக்கும். சஃபையர் அரத்தைவிடக் கெட்டி. அதான் அரம்தான் தேஞ்சு ஒட்டிக்கிச்சு.”

சும்மா புகழ்ந்து அனுப்பவும் அவளுக்குத் தெரியாது. பலமாக அடிபட்டால் இது உடையும் என்றாள். அந்த விஷயத்தில் அக்ரிலிக்தான் தாங்கும். வைரத்தூள் பதித்த சக்கரம் பட்டால் சஃபையரும் கீறும், அதைக் கையால் தேய்த்துப் போக்க முடியாது என்றும் சொன்னாள்.

அவர் கடிகாரத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது.

“இரும்பையே ராவுற அரம். இதுக்கிட்ட மூக்கறுபட்டுடுச்சு.”

பிறகு அந்த இருவர் பக்கம் திரும்பி, தான்தான் அவசரப்பட்டுப் பேசிவிட்டதாகச் சொன்னார். பழி சொன்ன இடத்திலேயே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள எத்தனை பேருக்கு மனசு வரும்? அவர் மீதும் எனக்கு மரியாதை வந்தது.

மறுநாள் அவருடைய பட்டறையிலிருந்து ஒருவர் கண்ணாடி கீறிய மூன்று கடிகாரங்களோடு வந்தார். யார் பார்ப்பார்கள் என்று கேட்டார். மேஜையைக் காட்டினேன்.

“அவங்கதான். என் வீட்டுக்காரி” என்று, அவர் கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன்.