பன்னிரண்டாம் தேதிக்குப் பிறகு வந்த சார்

கம்பத்து ஏலக்காய் ஏற்றுமதி அலுவலகத்தில் மேனேஜர் விஜய்பாண்டிக்கு ஒரு குறை நெடுநாளாக உண்டு. பதினைந்து வருஷமாக மேனேஜராக இருந்தும், முதலாளி அலி அக்பரின் ஊழியர் அத்தனை பேரும் அவரை அண்ணே என்றுதான் கூப்பிட்டார்கள். அண்ணே என்றால் டீ வாங்கித் தரச் சொல்லலாம், லீவு கேட்கலாம். சார் என்று கூப்பிட்டிருந்தால் இந்தத் தொல்லை இருந்திருக்குமா என்று அவர் ஏங்காத நாளில்லை.

2009 நவம்பரில் லண்டனுக்குப் போன சரக்கில் பூஞ்சை பிடித்துவிட்டது. ஈரக்காயை ஏற்றியது யார் என்று வாங்கியவர்கள் கேட்டார்கள். கூடலூர் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் ஹேமாவதிதான், தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஏற்றிவிட்டாள் என்றார் விஜய்பாண்டி. சரக்கை வாங்கிய லண்டன் கம்பெனியில் இருந்த கேத்தரின் என்ற அம்மாள், கிடங்குக்கும் அலுவலகத்துக்கும் கம்ப்யூட்டரில் நடந்த அந்த மாதத்து சாட் உரையாடலை ஆங்கிலத்தில் கேட்டாள். மொழிபெயர்ப்பு ருக்சானாவின் தலையில் விழுந்தது. அலுவலகத்தில் ஆங்கிலக் கடிதம் எழுதுகிறவள் அவள் ஒருத்திதான்.

ஹேமாவதியின் வேலை போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ருக்சானா அவளுக்குப் போன் போட்டாள்.

"ஈரம் இருக்கு, இன்னொரு நா காயட்டும்ணேன்னு போன்ல சொன்னேன் ருக்சானா. சொன்னத செய்யின்னாக. போன்ல சொன்னதுக்கு எங்கன போய் சாட்சி தேட?" என்றாள் ஹேமாவதி.

ருக்சானா போனை வைத்தாள். சாட் உரையாடலை மறுபடி படித்தாள். ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ். முதலில் அண்ணேயை பிரதர் என்று எழுதிப் பார்த்தாள். முழுக் கம்பெனியும் ஒரே குடும்பத்துச் சொத்து போலிருந்தது. அடித்துவிட்டு, அண்ணே வந்த இடத்தில் எல்லாம் விஜய் என்று பெயரைப் போட்டாள். லண்டனில் உடன் வேலை செய்கிறவர்கள் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். 'விஜய், மூட்டை பத்தல' என்று அது இயல்பாகவே வந்தது. பன்னிரண்டாம் தேதிக்கு வந்தபோதுதான் அவள் கை நின்றது. அந்தச் சரக்கு ஏறிய நாள் அது. அன்று காலை வரை அண்ணே. மதியம் 'சரி சார். ஏத்தியாச்சு சார்.' அதற்குப் பிறகு மாதக் கடைசி வரை ஒரு அண்ணே கூட இல்லை.

வரைவைப் பார்த்த விஜய்பாண்டி கொதித்துப் போனார்.

"ஏம்மா, அந்தப் பிள்ள என்னையப் பேரு சொல்லிக் கூப்பிடுற மாதிரி எழுதிருக்க? லண்டன்காரக என்னைய என்னன்னு நினைப்பாக? எல்லா எடத்துலயும் சார் போடு."

எல்லா இடத்திலும் சார் போட்டால் அந்த ஒரு நாள் மாற்றம் மறைந்துவிடும், ஹேமாவதி தொலைந்தாள். ருக்சானா மனசுக்குள் பிஸ்மி சொல்லிக்கொண்டாள். வரிக்கு வரி சார் என்றால் பள்ளிக்கூடத்து லீவு லெட்டர் மாதிரி இருக்கும், அங்கே பெரிய அதிகாரியைக்கூடப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், அதனால் நிஜமாகவே சார் என்று எழுதிய இடத்தில் மட்டும் போடுகிறேன் என்று பக்குவமாகச் சொன்னாள். அவர் நம்பாமல் தாளைப் புரட்டினார். பன்னிரண்டாம் தேதிக்கு வந்ததும் முகம் மலர்ந்தது. பக்கம் முழுக்க சார். அது ஏன் அன்றைக்கு முளைத்தது என்ற யோசனை அந்த மனிதருக்கு ஓடவே இல்லை. மரியாதை கிடைத்தால் ரசீதா கேட்பார்கள்? சாரின் முதல் எழுத்தைப் பெரிதாகப் போடச் சொல்லிவிட்டு, நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேத்தரின் போனில் வந்தாள். ஸ்பீக்கரைச் சுற்றி முதலாளியும் விஜய்பாண்டியும் ருக்சானாவும் உட்கார்ந்திருந்தார்கள். கேத்தரின் சரக்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்டதை ருக்சானா தமிழில் சொன்னாள்:

"பன்னிரண்டாந் தேதி காலைல வரைக்கும் விஜய்னு எழுதின பொண்ணு, மதியத்துல இருந்து சார்னு எழுதுதே, அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு கேக்குறாக."

அலி அக்பர் சாட்டின் மூலப் பிரதியை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். அண்ணேயையும் சாரையும் தமிழிலேயே படித்தவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"விஜய்பாண்டி, காலைல வரைக்கும் அண்ணேன்னு வாய் நிறையக் கூப்பிட்ட பிள்ளை, சார்னு சொல்லுற அளவுக்கு நீ என்னப்பா செஞ்ச?"

பதினைந்து வருஷமாக முதலாளியை பாய் என்றே கூப்பிட்டு வந்த விஜய்பாண்டி நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.

"அது வந்து... சார்..."

அலி அக்பர் தாளைக் கீழே வைத்தார். ஹேமாவதியை நாளைக் காலை வழக்கம்போல் கிடங்கைத் திறக்கச் சொல் என்று ருக்சானாவிடம் சொன்னார். மேனேஜர் என்ன சொன்னார் என்று கேத்தரின் மறுபடி கேட்டாள். ருக்சானா அந்த ஒரு வார்த்தையை அப்படியே சொன்னாள். பிறகு கூட்டக் குறிப்பிலும் தட்டினாள், அவர் ஆசைப்பட்டபடியே முதல் எழுத்தைப் பெரிதாகப் போட்டு.